ஒரு அறைக்கு பிளான்: 1:100, 1:50, 1:25, 1:20 - எதில் வரைவது, எப்படி அளப்பது?

கும்பகோணத்தில் என் அத்தை வீட்டின் தெருப்பக்க அறையில் சுவருக்குச் சுவர் அலமாரி அடிப்பது என்று முடிவானது. பழைய வீடு. ஒன்றரைச் செங்கல் கனத்தில் சுவர், சிவப்புத் தரை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். உள்ளே போய் நின்று பார்த்தால் ஒழுங்கான நீள்சதுரமாகத்தான் தெரியும். ஆசாரி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிளான் ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி, பலகைக் கணக்கு பாத்துடறேன்" என்றார்.

கையால் பிளான் வரைவது எனக்குப் பழகிய வேலை. ஆனாலும் அன்று அவசரத்தில் ஒரு ஏ4 தாளில் 1:50-இல் வரைந்தேன். படம் அழகாக வந்தது, எல்லாம் பொருந்தியது. மறுநாள் ஏ3 தாளில் 1:20-க்கு மாற்றி வரைந்தபோது ஒரு சுவர் பொருந்தவில்லை. நான் குறித்து வந்த அளவுகளில் ஒன்று தப்பு. அதே தப்பு முதல் படத்திலும் இருந்தது, அங்கே அது பென்சில் கோட்டுக்குள் மறைந்துகொண்டது. எந்த விகிதத்தில் வரைவது என்று யாராவது கேட்டால் அந்த இரண்டு தாள்களைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். இங்கேயும் அதை வைத்தே சொல்கிறேன்.

விகிதமும் பென்சில் கோடும்

1:50 என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர், அறையில் ஐம்பது மில்லிமீட்டர். இது எல்லோருக்கும் தெரியும். பலர் யோசிக்காமல் விடுவது கோட்டின் தடிமனை. 0.5 லெட் போட்ட பென்சிலால் இழுத்தால் கோடே அரை மி.மீ. இருக்கும். முனை கூராக இருந்து, வெளிச்சமும் நன்றாக இருந்து, ஸ்கேலை ஒட்டிப் புள்ளி வைத்தால் கால் மி.மீ. வரை நம்பலாம். நில அளவைப் படங்களிலும் கை வரைவின் எல்லையாக 0.25 மி.மீ.-ஐத்தான் கணக்கில் வைப்பார்கள்.

அந்தக் கால் மில்லிமீட்டரை அறைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 1:100-இல் அது 25 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். 1:50-இல் அரை இஞ்ச். 1:25-இல் கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல். 1:20-இல் 5 மி.மீ. ஒரு கோட்டுக்கு இரண்டு முனை இருப்பதால், இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாகப் பிசகினால் இது இரட்டிப்பாகும். எனவே 1:100-இல் வரைந்த படத்தின் மேல் ஸ்கேலை வைத்து "இங்கே கட்டில் போட ஒரு இஞ்ச் இடம் மிச்சம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை நம்பக் கூடாது. அந்த ஒரு இஞ்ச் சுவரில் இருக்கிறதா, பென்சிலில் இருக்கிறதா என்று அந்தப் படத்தால் சொல்ல முடியாது.

அதனால் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்தப் படத்தை வைத்து முடிவு செய்யப்போகும் மிகச் சிறிய விஷயம் எது என்பதுதான். கட்டிலையும் மேசையையும் எங்கே போடுவது என்பதற்கு இரண்டு இஞ்ச் முன்னே பின்னே இருந்தால் குடி முழுகாது. சுவருக்குச் சுவர் அலமாரி என்றால் ஒரு செ.மீ. கூட விவகாரம். பதில் இரண்டுக்கும் வேறு வேறு.

நாலு விகிதங்கள்

1:100-ஐ ஒற்றை அறைக்கு எடுத்துக்கொள்ளவே வேண்டாம். முழு வீட்டையும் ஒரே தாளில் காட்ட, அனுமதிக்குக் கொடுக்க, அது சரி. வீட்டுப் படங்கள் பெரும்பாலும் அந்த விகிதத்தில்தான் போகின்றன. நம் அறையின் நீளச் சுவர் 4.32 மீட்டர். அது தாளில் 43 மி.மீ., தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் குறைவு. அதற்குள் கதவு நிலை, சுவர் கனம், மாடம் எல்லாவற்றையும் வைத்து என்ன முடிவு எடுக்க முடியும்?

1:50 வசதியானது. மீட்டரை இரண்டால் பெருக்கினால் செ.மீ. வந்துவிடும்: 4.32 மீட்டர் தாளில் 8.64 செ.மீ. ஸ்பெஷல் ஸ்கேல் தேவையில்லை, பள்ளிக்கூட ஸ்கேலே போதும். ஏ4 தாளில் அறையைச் சுற்றி அளவு எழுதத் தாராளமாக இடம் கிடைக்கும். மூலைவிட்டம் 108 மி.மீ.தான் என்பதால் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸே எட்டும். நாலைந்து அறைகளைச் சேர்த்து ஒரே தாளில் பார்க்கவும், சாமான்களை அட்டையில் வெட்டி நகர்த்திப் பார்க்கவும் இதைவிடத் தோதான விகிதம் இல்லை. ஆனால் அரை இஞ்சுக்குக் கீழே உள்ள எதையும் இதனிடம் கேட்கக் கூடாது.

1:20-இல் மீட்டரை ஐந்தால் பெருக்கவேண்டும். 4.32 மீட்டர் 21.6 செ.மீ. ஆகிறது. இங்கே நிலையின் கனம், அலமாரிப் பலகை, சுவரின் கோணல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி வரும். 18 மி.மீ. பிளைவுட் இந்தப் படத்தில் 0.9 மி.மீ., அதாவது இரண்டு தனித்தனிக் கோடுகளாக இழுக்கலாம். 1:50-இல் அது ஒரே கோடு. விலை என்னவென்றால் தாள். இந்த அறையின் சுவர் பூச்சோடு 385 மி.மீ. கனம். அதையும் சேர்த்தால் படம் 254-க்கு 203 மி.மீ. வருகிறது. ஏ4 தாள் 297-க்கு 210. மேலும் கீழும் சேர்த்து ஏழு மி.மீ. மிஞ்சும், அளவு எழுத இடமே இருக்காது. ஆகவே ஏ3 வேண்டும். காம்பஸும் எட்டாது. அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இடையில் 1:25 இருக்கிறது. மீட்டரை நாலால் பெருக்கினால் செ.மீ. இதே அறை சுவரோடு சேர்த்து 204-க்கு 163 மி.மீ., ஏ4 தாளில் அளவுக்கோடுகளோடு அடங்கிவிடும். வரைபட விகிதங்களுக்கான ஐஎஸ்ஓ 5455 தரநிலை 1:20, 1:50 என்றுதான் பட்டியல் போடுகிறது, 1:25 அதில் இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் முக்கோண ஸ்கேலின் ஒரு முகத்தில் 1:25 இருக்கும். வீட்டில் ஏ4 தாள் மட்டும்தான் இருக்கிறது, ஆனாலும் 1:50-ஐவிட நுணுக்கம் வேண்டும் என்றால் தயங்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு: அறையில் எதையாவது பொருத்தி அடிக்கப்போகிறீர்கள் என்றால் ஏ3 தாளும் 1:20-உம். ஏ3 இல்லையா, 1:25. சாமான்களை நகர்த்திப் பார்க்க மட்டும் என்றால் 1:50.

அடி, இஞ்சில் அளப்பவர்களுக்கு

நம் ஊரில் கொத்தனாரும் ஆசாரியும் அடி, இஞ்ச், நூல் என்றுதான் பேசுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் 14 அடி 2 இஞ்ச் என்றால்தான் மனதில் அறை விரியும். இவர்களில் பலர் 'ஒரு அடிக்கு ஒரு செ.மீ.' என்று வரைகிறார்கள். பார்க்க எளிது. ஆனால் ஒரு அடியில் பன்னிரண்டு இஞ்ச், ஒரு செ.மீ.-இல் பத்து மி.மீ. ஏழு இஞ்சை எங்கே வைப்பது? 5.8 மி.மீ.-இல். ஒவ்வொரு முறையும் இப்படிக் குத்துமதிப்பாகப் புள்ளி வைத்து வைத்து, கடைசியில் எதுவும் எதோடும் சேராது.

இதற்கு நான் சொல்லும் மாற்று, மில்லிமீட்டர் கிராஃப் தாளில் ஒரு இஞ்சுக்கு ஒரு கட்டம். எல்லா அளவையும் இஞ்சாக மாற்றிவிடுங்கள். 14 அடி 2 இஞ்ச் 170 இஞ்ச், தாளில் 170 மி.மீ. பன்னிரண்டு கட்டத்துக்கு ஒருமுறை ஓரத்தில் மெல்லிய குறி வைத்தால் அடியும் தெரிந்துவிடும். கணக்கே இல்லை. அரை இஞ்சைக் கட்டத்தின் நடுவில் வைக்கலாம். நுணுக்கம் ஏறக்குறைய 1:25-க்குச் சமம்.

ஒரே எச்சரிக்கை: இது 1:25 இல்லை, 1:25.4. தாளின் மூலையில் வெறுமனே 1:25 என்று எழுதி, வேறொருவர் முக்கோண ஸ்கேலின் 1:25 முகத்தை வைத்து அளந்தால், நம் நீளச் சுவரில் மட்டும் ஏறக்குறைய ஏழு செ.மீ. குறைந்துபோகும். 'ஒரு மி.மீ. = ஒரு இஞ்ச்' என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள்.

அளப்பது: துண்டு துண்டாகவா, தொடர்ச்சியாகவா?

ஜன்னல் இருக்கும் சுவரைப் பெரும்பாலானோர் துண்டு துண்டாக அளப்பார்கள். மூலையிலிருந்து ஜன்னல் நிலை வரை ஒன்று, ஜன்னல் அகலம் ஒன்று, அங்கிருந்து அடுத்த மூலை வரை ஒன்று. ஒவ்வொரு முறையும் டேப்பைத் தூக்கி வைக்கும்போது ஒரு சின்னப் பிசகு, அதை முழு செ.மீ.-ஆக எழுதுவதில் இன்னொன்று. மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் மொத்தத்தில் ஒரு செ.மீ. போய்விடும். எந்தத் துண்டில் போனது என்று தேடவும் வழியில்லை.

தொடர் அளவில் டேப்பை ஒருமுறைதான் வைக்கிறோம். பூஜ்யம் மேற்கு மூலையில். டேப்பைச் சுவரோடு ஒட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் படித்துக்கொண்டே போவது. அத்தை வீட்டுச் சுவரில் ஜன்னல் நிலையின் முதல் விளிம்பு 1415, அடுத்த விளிம்பு 2630, கிழக்கு மூலை 4320. இதில் ஒரு எண் தப்பானால் அது ஒன்றுதான் தப்பு, அடுத்ததைத் தொடாது. ஜன்னல் அகலத்தை மட்டும் தனியாக ஒருமுறை அளந்து, 1215 வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். வேலையும் குறைவு, சரியும் கூடுதல். இந்த இரண்டு முறைகளில் எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எந்த உயரத்தில் அளப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யவேண்டும். பிளான் என்பது அறையை ஏதோ ஒரு உயரத்தில் கிடையாக வெட்டி, மேலே இருந்து பார்ப்பது. வெட்டு ஜன்னல் வழியே போகவேண்டும். நான் தரையிலிருந்து ஒரு மீட்டரில் நாலு சுவரிலும் சாக்பீஸால் சின்னக் கோடு போட்டுக்கொண்டு, எல்லா அளவையும் அந்தக் கோட்டிலேயே எடுத்தேன். பழைய சுவர் உயரம் மாற மாற அகலமும் மாறும். ஒன்றைத் தரையிலும் ஒன்றை மார்பு உயரத்திலும் எடுத்தால் இரண்டு வேறு அறைகளை அளந்த கதைதான்.

மூலையில் டேப்பை மடக்கிப் படிக்கக் கூடாது. எஃகு டேப் மூலையில் வளைந்துதான் நிற்கும், மூன்று நாலு மி.மீ. அங்கேயே போய்விடும். சுவரின் நடுவில் எங்காவது ஒரு பென்சில் குறி வைத்து, இரண்டு மூலையிலிருந்தும் அந்தக் குறி வரை அளந்து கூட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. டேப்பின் முனையில் உள்ள கொக்கி கொஞ்சம் ஆடும், அது பழுது இல்லை. கொக்கியின் தகட்டுக் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆடும்படிதான் செய்திருப்பார்கள், இழுத்து அளந்தாலும் முட்டி அளந்தாலும் சரியாக வருவதற்காக. ஆனால் கீழே விழுந்து கொக்கி வளைந்திருந்தால் ஒவ்வொரு அளவிலும் அந்தப் பிசகு ஒட்டிக்கொள்ளும். ஒரு பலகையைக் கொக்கி மாட்டி ஒருமுறையும், 10 செ.மீ. குறியை விளிம்பில் வைத்துப் பத்தைக் கழித்து ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் டேப் சரி.

லேசர் மீட்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். நீளமான, சாமான் நிறைந்த அறைக்கு அது வரம். சாதாரணமாக இரண்டு மி.மீ.-க்குள் சரியாகச் சொல்லும், ஆள் துணையும் வேண்டாம். இரண்டு இடத்தில் காலை வாரும். ஒன்று, அளவு கருவியின் பின்பக்கத்திலிருந்தா முன்பக்கத்திலிருந்தா என்ற செட்டிங். அது மாறியிருந்தால் ஒவ்வொரு அளவிலும் கருவியின் நீளம் கூடியோ குறைந்தோ வரும். இன்னொன்று மூலைவிட்டம். மூலையைக் குறிபார்த்தால் சிவப்புப் புள்ளி மூலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஏதாவது ஒரு சுவரில் விழும். அதனால் என்னிடம் லேசர் இருந்தாலும் மூலைவிட்டத்துக்கு டேப்தான்.

நாலு பக்கம் போதாது

இப்போது முக்கியமான இடம். நாலு சுவரையும் அளந்துவிட்டால் அறை கையில் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். நாலு குச்சிகளை முனையில் ஆணி அடித்துச் சட்டமாகச் செய்து ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். நாலு நீளமும் மாறாது, வடிவம் மட்டும் சாய்ந்துகொண்டே போகும். அறையும் அப்படித்தான். நாலு பக்கங்கள் அதன் வடிவத்தைக் கட்டிப்போடாது. முக்கோணம்தான் அசையாது. ஒரு மூலைவிட்டத்தை அளந்தால் அறை இரண்டு முக்கோணமாகி நின்றுவிடும். இரண்டாவது மூலைவிட்டம் சரிபார்க்க.

மூலைமட்டத்தை மூலையில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். மூலைமட்டத்தின் கை ஒரு அடி இருக்கும். அந்த ஒரு அடியில் பூச்சின் மேடு பள்ளம்தான் தெரியும், மூன்று மீட்டர் தள்ளிச் சுவர் எங்கே போய் நிற்கிறது என்று தெரியாது. மூலைவிட்டம் அறை முழுவதையும் ஒரே பிடியில் பிடிக்கிறது.

'இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் அறை சதுரம்' என்று கட்டுமான இடங்களில் சொல்வார்கள். எதிரெதிர்ச் சுவர்களும் சமமாக இருந்தால்தான் அது உண்மை. ஒரு பக்கம் குறுகிய அறையிலும் மூலைவிட்டங்கள் சமமாக வரலாம். அத்தை வீட்டு அறை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

மூலைகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். தெருப்பக்கச் சுவரின் மேற்கு மூலை க, கிழக்கு மூலை ச. உள்பக்கச் சுவரின் கிழக்கு மூலை த, மேற்கு மூலை ப. அலமாரி வரப்போவது த-ப சுவரில். மி.மீ.-இல் அளவுகள்: க-ச 4320, ச-த 3270, த-ப 4215, ப-க 3301. மூலைவிட்டங்கள் க-த 5394, ச-ப 5377.

உள்சுவர் தெருச்சுவரைவிட 105 மி.மீ. குட்டை, நாலு இஞ்சுக்கும் மேலே. மூலைவிட்டங்களோ 17 மி.மீ.தான் வித்தியாசம். மூலைவிட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் 'பழைய வீட்டுக்கு இது பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். தெருச்சுவரை மட்டும் அளந்து செவ்வகம் என்று நம்பி அலமாரியை 4320-க்கு அறுத்திருந்தால், அது உள்சுவருக்குள் நுழைந்தே இருக்காது.

இன்னொன்று: ஐந்து மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போனால் இந்த அறையின் மூலைவிட்டம் எட்டாது. எட்டு மீட்டர் டேப் வேண்டும். துணைக்கு ஒரு ஆளும் வேண்டும், நடுவில் டேப் தொய்ந்தால் அளவு கூடிவிடும். துணி டேப் வேண்டவே வேண்டாம், இழுக்க இழுக்க நீளும்.

தாளில் வைப்பதும், தப்பு மாட்டிக்கொண்டதும்

1:20-இல் வரைவது இப்படி. முதலில் தாளின் கீழ்ப்பக்கம் க-ச கோடு, 216 மி.மீ. அடுத்து ப மூலையைக் கண்டுபிடிக்க, க-விலிருந்து 165 மி.மீ. ஆரத்தில் ஒரு வில், ச-விலிருந்து 268.8 மி.மீ. ஆரத்தில் ஒரு வில். இரண்டும் வெட்டும் இடம் ப. அதேபோல க-விலிருந்து 269.7, ச-விலிருந்து 163.5, வெட்டும் இடம் த. இவ்வளவு பெரிய ஆரத்துக்குப் பள்ளிக் காம்பஸ் விரியாது. பழைய ஃபைல் அட்டையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஒரு முனையில் குண்டூசியைக் குத்தி, வேண்டிய நீளத்தில் பென்சில் முனை நுழைய ஊசியால் துளை போட்டால் அதுவே காம்பஸ். ஆரத்துக்கு ஒரு துளை, பக்கத்தில் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

இதுவரை த-ப சுவரின் நீளத்தை எங்குமே பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைத்தான் பரீட்சைக்கு வைத்திருக்கிறோம். தாளில் ப-விலிருந்து த வரை ஸ்கேலை வைத்தால் 210.75 வரவேண்டும். 210.5 வந்தாலும் 211 வந்தாலும் நிம்மதி.

எனக்கு 212 வந்தது. ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், 212-தான். ஒன்றேகால் மி.மீ. அதிகம். அதை அறைக்கு மாற்றினால் 25 மி.மீ., ஒரு இஞ்ச். துளைகளைச் சரிபார்த்தேன், சரி. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் ச-ப மூலைவிட்டம் 5397 என்று எழுதியிருந்தேன். மறுநாள் போய் அத்தையை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தபோது 5377. டேப்பில் எழுபத்தேழை நான் தொண்ணூற்றேழு என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த இருபது மி.மீ. ப மூலையை 25 மி.மீ. மேற்கே தள்ளிவிட்டது.

இப்போது முதல் நாள் படத்துக்கு வாருங்கள். அதே தப்பு எண்ணை வைத்துத்தான் அதையும் வரைந்தேன். 1:50-இல் த-ப 84.3 வரவேண்டிய இடத்தில் 84.8 வந்திருக்கும். அரை மி.மீ. நான் அளந்து பார்த்து, 'கோட்டின் தடிமன்' என்று நினைத்துத் திருப்தியாகத் தாளை மடித்து வைத்தேன். சரிபார்க்கும் அளவை எடுத்து வந்திருந்தும், அதைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்குப் படம் பெரிதாக இல்லை. ஒற்றை அறைக்கு 1:20 என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். பெரிய படம் விவரத்துக்காக என்று நினைப்போம். எனக்கு அது முதலில் என் கையெழுத்துப் பிழையைப் பிடிக்கத்தான் உதவியது.

சுற்றுச் சுவர் நின்றுவிட்டால் மற்றவை சுலபம். ஜன்னலையும் கதவையும் தொடர் அளவுகளிலிருந்து அந்தந்தச் சுவரின் மேலேயே வைக்கவேண்டும், தாளின் விளிம்புக்கு நேராக அல்ல. சுவர் கனத்தைக் கதவு நிலை ஓரத்திலும் ஜன்னலிலும் இரண்டு இடத்தில் அளந்து வையுங்கள். பழைய வீட்டில் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாடத்தின் ஆழத்தை மறந்துவிட்டு வருவது எல்லோருக்கும் நடக்கும், எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

படத்துக்குக் கீழே ஒரு அளவுப் பட்டையை வரைந்துவிடுவது அவசியம். 1:20-இல் 10 செ.மீ. நீளக் கோடு, நடுவில் ஒரு குறி: 0, 1, 2 மீட்டர். ஜெராக்ஸ் கடையில் ஏ3-ஐ ஏ4 ஆகச் சுருக்கினாலோ, போனில் படம் எடுத்து 'பக்கத்துக்குள் அடக்கு' என்று பிரிண்ட் போட்டாலோ மூலையில் எழுதிய 1:20 பொய்யாகிவிடும். பட்டை மட்டும் படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும். பட்டை 10 செ.மீ. இல்லையென்றால் அந்த நகலில் ஸ்கேலை வைத்து அளக்கக் கூடாது. முக்கியமான அளவுகளை எண்ணாகவே எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. ஆசாரி படத்தில் எழுதிய எண்ணைத்தான் எடுக்கவேண்டும், கோட்டை அளந்து அல்ல.

அலமாரிக்கு வருவோம்

அலமாரி ஆழம் 600 மி.மீ. திருத்திய படத்தில் உள்சுவரிலிருந்து 600 முன்னால் ஒரு கோடு இழுத்து அதன் நீளத்தைப் பார்த்தேன்: பின்னால் 4215, முன்னால் 4234-ஐ ஒட்டி. மேற்குப் பக்கம் 9 மி.மீ. விரிகிறது, கிழக்கே பத்து. 1:20 தாளில் இந்த விரிவு மொத்தமும் ஒரு மி.மீ.தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. 1:50-இல் தெரிந்திருக்காது.

பிளானால் சொல்ல முடியாத ஒன்று பாக்கி இருந்தது. அது ஒரு உயரத்தின் வெட்டு மட்டும்தான். உள்சுவர் ஓரத்தில் மேலும் கீழும் அகலத்தைத் தனியாக அளந்தேன். தரையில் 4222, ஒரு மீட்டரில் 4215, ஏழடி உயரத்தில் 4207. சுவர்கள் மேலே போகப் போக உள்ளே சாய்கின்றன. மிகச் சிறிய எண்தான் நமக்குக் கணக்கு. இந்த மூன்று எண்களையும் படத்தின் ஓரத்தில் உயரத்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

ஆசாரி படத்தைத் திண்ணையில் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஏழடி உயரத்தில் மட்டும் ஒருமுறை அளந்துகொண்டு வந்தார். "பெட்டியை நாலாயிரத்து நூத்தித் தொண்ணூறுக்குப் போடறேன். மிச்சத்தை ரெண்டு ஓரத்துலயும் ரீப்பர் வெச்சுச் சீவி மூடிக்கலாம்" என்றார். ஒரு மீட்டர் உயரத்தில் மேற்கு ஓரத்துப் பட்டை பின்னால் 12 மி.மீ., முன்னால் 21. கிழக்கே 13-இலிருந்து 23. இரண்டு பட்டையையும் படத்தில் வரைந்து, எந்த முனை அகலம் என்று எழுதிக் கொடுத்தேன். பெட்டி முதல் தடவையிலேயே உள்ளே போய் நின்றது.